பில்லில் இருக்கும் திகதியும் மெஷின் தயாரான திகதியும்

நமது வியாபாரிகளில் பெரும்பாலானோரிடம் பில் பைல் ஒன்று இருக்கவே செய்கிறது. சரக்கு பில், லைட் பில், லொறிக்கூலி ரசீது, தராசு வாங்கிய பில், கடைக்கு ராக்கை அடித்த ஆசாரி எழுதிக் கொடுத்த துண்டு எல்லாம் ஒரே பைலில் திகதி ஒழுங்கில் குத்தப்பட்டிருக்கும். வருட முடிவில் அந்தப் பைல் கணக்கு எழுதுபவரின் மேசைக்குப் போகும். அவர் பெரிய தொகையாகத் தெரியும் பில்களைப் பிரித்தெடுத்து "மெஷினரி" என்று ஒரு வரியில் போட்டு, பில் திகதியிலிருந்து ஏதோ ஒரு வீதத்தில் பெறுமானத் தேய்வைக் கழித்து விடுவார். நிலையான சொத்துப் பதிவேடு என்று தனியாக ஒன்று இருக்காது.

பஸாரில் பக்கத்துக் கடைத் தம்பி ஒருவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "நானா, பில் கையில இருக்கு, அதுல திகதியும் இருக்கு, காசும் இருக்கு. இன்னொரு புத்தகம் எதுக்கு?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் பில் சொல்வது, விற்றவர் எப்போது எவ்வளவுக்கு விற்றார் என்பதை மட்டுமே. அந்தச் சாமான் நம் கடையில் வேலைக்குத் தயாராக நிற்க மொத்தம் எவ்வளவு செலவானது, எந்த நாளில் தயாரானது, இன்னும் எத்தனை வருடம் நமக்கு உழைக்கும் என்ற மூன்றையும் எந்தப் பில்லும் சொல்லாது. பதிவேட்டுக்கு வேண்டியவை அந்த மூன்றும்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். ஆனாலும் பில்களின் தினுசு நம் பஸாரில் அன்றாடம் காண்பதுதான். பதுளையில் இரண்டு பங்காளிகள் வாடகைக் கட்டடம் ஒன்றில் மிளகாய், மல்லி அரைக்கும் மில் போடுகிறார்கள். பசறை, ஹாலி-எல, மடுல்சீமைப் பக்கத் தோட்டக் கடைகளுக்குத் தூள் பக்கற் போடுவது அவர்களுடைய நோக்கம். கணக்கு வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வற் வரிக்கு அவர்கள் பதிவு செய்யவில்லை.

முதலாவது, கொழும்பில் மெஷின் வாங்கிய பில். திகதி 2024 பெப்ரவரி 12. அதில் இரண்டு வரி இருக்கிறது: மோட்டருடன் அரைக்கும் மெஷின் 850,000 ரூபா, மேலதிக பெல்ட்டும் சல்லடையும் 40,000 ரூபா. மொத்தத்தில் 5 வீதம் கழிவு 44,500 ரூபா. மீதி 845,500 ரூபாவுக்கு 18 வீத வற் 152,190 ரூபா. ஆக, கட்டிய காசு 997,690 ரூபா.

இந்தத் தொகையை அப்படியே பதிவேட்டில் எழுதிவிடக் கூடாது. ஒரு பில்லில் எத்தனை பொருள் இருக்கிறதோ அத்தனையையும் பிரிக்க வேண்டும். பெல்ட்டும் சல்லடையும் சில மாதங்களில் தேய்ந்து போகிறவை. அவை சொத்து அல்ல, செலவு. கழிவு முழுப் பில்லுக்கும் கொடுக்கப்பட்டதால் இரண்டு வரிக்கும் விகிதப்படி பகிர வேண்டும். மெஷினுக்கு 5 வீதம் கழித்தால் 807,500 ரூபா. வற் வரியைப் பொறுத்தவரை, பதிவு செய்த வியாபாரியாக இருந்து அந்த வரியை இறைவரித் திணைக்களத்தில் கழித்துக் கொள்ள முடியுமானால் அது சொத்தின் கிரயத்தில் சேராது. இவர்கள் பதிவு செய்யாதவர்கள். கட்டிய வரி திரும்பி வராது. ஆகவே அதுவும் கிரயத்தின் ஒரு பகுதியே. 807,500 ரூபாவுடன் அதன் 18 வீதத்தைச் சேர்த்தால் 952,850 ரூபா வருகிறது. மீதி 44,840 ரூபா பெல்ட், சல்லடைக்கு உரியது; அது செலவுக் கணக்குக்குப் போகும்.

இனி, பெரிய பில்லுக்குப் பக்கத்தில் பதுங்கிக் கிடக்கும் சின்னத் துண்டுகளைத் தேட வேண்டும். உண்மையில் இதுதான் பொறுமை வேண்டிய வேலை. மெஷின் வாங்கிய திகதிக்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு மாதப் பைலை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். செக் அடிக்கட்டைகளையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், பில் இல்லாமல் காசு மட்டும் போன இடங்களும் அகப்படும்.

நமது உதாரணத்தில் கொழும்பிலிருந்து பதுளைக்கு லொறிக்கூலி 45,000 ரூபா என்று சாரதி எழுதிய ரசீது இருக்கிறது. அந்த லொறியில் மெஷினோடு கடைக்குப் பருப்பு மூட்டைகளும் வந்தன. இடத்தில் மூன்றில் இரண்டு பங்கை மெஷின் பிடித்தது. ஆகவே 30,000 ரூபா மெஷினுக்கு, 15,000 ரூபா சரக்குக்கு. மெஷின் நிற்கக் கொங்கிரீட் தளம் போட்ட மேசனுக்கும் சாமானுக்கும் 38,000 ரூபா. பூட்டிக் கொடுத்த பிட்டருக்கு 25,000 ரூபா. ஓட்டிப் பார்த்தபோது அரைத்துக் கொட்டிய 15 கிலோ மிளகாய், கிலோ 800 ரூபாப்படி 12,000 ரூபா. இவை எல்லாம் மெஷினை வேலைக்குத் தயாராக்கப் போன காசு. கூட்டினால் மெஷினின் கிரயம் 1,057,850 ரூபா. பில்லைப் பார்த்தவர் கண்ட 997,690 ரூபாவும் அல்ல, மெஷின் வரியில் அச்சடித்திருந்த 850,000 ரூபாவும் அல்ல.

அதே பைலில் திறப்பு விழாச் சாப்பாட்டு பில்லும் நோட்டீஸ் அடித்த பில்லும் இருக்கும். வேலைக்கு எடுத்த பையனுக்கு மெஷின் பழக்கிய சம்பளமும் இருக்கும். இவை மெஷினுக்காகவே செலவானவை போலத் தோன்றும். ஆனாலும் சேராது. கணக்கீட்டு நியமம், அதாவது எல்கேஏஎஸ் 16, வியாபாரத்தைத் திறக்கும் செலவையும் விளம்பரத்தையும் ஆட்களைப் பயிற்றும் செலவையும் சொத்தின் கிரயத்திலிருந்து தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது.

மூன்று பேஸ் கரண்ட் எடுத்ததற்கு மின்சார சபைக்குக் கட்டியதும் உள்வயரிங்குமாக 140,000 ரூபா. இதை மெஷினோடு சேர்க்கலாமா? நான் தனி வரியாகவே எழுதச் சொல்வேன். மெஷினைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டு போகலாம்; சுவருக்குள் போன வயரையும் இணைப்பையும் கொண்டு போக முடியாது. இரண்டின் ஆயுளும் வேறு வேறு. ஆயுள் வேறானால் வரியும் வேறாக இருப்பதே நல்லது.

அடுத்தது திகதி. நமது பைல்களில் அதிகம் குழம்புவது இங்கேதான். ஆகவே சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

மெஷின் பில் பெப்ரவரி 12. லொறி வந்து இறக்கியது பெப்ரவரி 20. நோன்புக்கு முன் மார்ச் 8ஆம் திகதி தளம் முடிந்தது. பிறகு நோன்பு, பெருநாள், சித்திரைப் புத்தாண்டு எல்லாம் கடந்து ஏப்ரல் 29ஆம் திகதிதான் மூன்று பேஸ் கரண்ட் வந்தது. பிட்டர் மே 6ஆம் திகதி வந்து பூட்டி, மறுநாள் மே 7 ஓட்டிப் பார்த்துச் சரி என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். முதல் ஓடர் கிடைத்து வியாபாரத்துக்கு அரைக்கத் தொடங்கியது ஜூன் 3.

இதில் பெறுமானத் தேய்வு தொடங்கும் நாள் எது? நியமம் சொல்வது, சொத்து இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நிலையில், பயன்படுத்தத் தயாராக நிற்கும் நாள் என்பதே. ஆகவே பெப்ரவரி 12 அல்ல, ஜூன் 3உம் அல்ல. மே 7. தயாரான பிறகு ஓடர் இல்லாமல் சும்மா நின்றாலும் தேய்வு ஓடிக்கொண்டே இருக்கும். மெஷின் ஓய்வாக நிற்பதால் அதன் வயது நிற்பதில்லை.

இந்த விசயம் நம் மலைநாட்டவருக்குப் புதிதல்ல. தேயிலை மீள்நடுகை செய்யும் தோட்டம், கன்று வாங்கிய பில் திகதியிலிருந்து தேய்வு கழிப்பதில்லை. நிலம் பண்படுத்தியது, கன்று, உரம், கூலி எல்லாம் வருடக்கணக்காக "முதிராத பயிர்" என்ற தலைப்பில் சேர்ந்துகொண்டே போகும். கொழுந்து எடுக்கத்தக்க நிலைக்கு வந்த பிறகே "முதிர்ந்த பயிர்" என்று மாற்றி, அன்றிலிருந்து தேய்வைத் தொடங்குவார்கள். நமது மில்லும் அப்படித்தான். 2024 மார்ச் 31இல் அது தளத்தின் மேல் கரண்ட் இல்லாமல் நிற்கும் முதிராத பயிர். அன்றைய ஐந்தொகையில் அது இருக்க வேண்டும், அதுவரை செலவானதும் கூடவே இருக்க வேண்டும். ஆனால் தனியாக, "பூர்த்தியாகாத வேலை" என்ற தலைப்பில், தேய்வு எதுவும் கழிக்காமல்.

மே 7 என்பதற்கு என்ன சாட்சி? நினைவை நம்பி எழுதினால் இரண்டு வருடத்துக்குப் பிறகு யாரும் ஏற்க மாட்டார்கள். பிட்டர் வேலை முடிந்தது என்று கையெழுத்திட்ட தாள் மிக நல்ல சாட்சி. அது இல்லாவிட்டால், மீட்டர் பூட்டிய திகதி உள்ள மின்சார சபைத் தாள், அதற்குப் பின் வந்த முதல் லைட் பில், மில் ஆளுக்குக் கொடுத்த முதல் கூலி, முதல் விற்பனை பில் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தயாரான மாதம் தானாகவே தெரிந்துவிடும். அந்தத் தாளின் கொப்பியை மெஷின் பில்லோடு சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும். இன்னொன்று, இப்போது வரும் ரோல் பேப்பர் பில்கள் கொஞ்ச நாளில் வெளுத்துப் போகின்றன. வாங்கிய அன்றே போட்டோ கொப்பி எடுத்துவிட வேண்டும்.

நாள் கணக்கில் தேய்வு பார்ப்பது சிறு வியாபாரிக்கு வீண் சிரமம். மாதக் கணக்கே போதும். 15ஆம் திகதிக்கு முன் தயாரானால் அந்த மாதம் முழுவதும், அதற்குப் பின் தயாரானால் அடுத்த மாதத்திலிருந்து என்று ஒரு முறையை வைத்துக்கொள்ளலாம். எதை வைத்தாலும் எல்லாச் சொத்துக்கும் எல்லா வருடமும் அதையே பின்பற்ற வேண்டும். மெஷின் மே 7 என்பதால் மே மாதத்திலிருந்து. கரண்ட் இணைப்பு ஏப்ரல் 29 என்பதால் அதுவும் மே மாதத்திலிருந்துதான்.

மூன்றாவது, ஆயுள். இங்கு பலர் செய்வது, வருமான வரிக்கு எத்தனை வருடமோ அதையே புத்தகத்திலும் எழுதுவது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கொம்பியூட்டர், சரக்கு லொறி, உற்பத்தி மெஷின், கடைத் தளபாடம் எல்லாவற்றுக்கும் பொதுவாக 5 வருடம், கட்டடத்துக்கு 20 வருடம் என்று மூலதனப் படி கழிக்கலாம். காணிக்கு இல்லை. முதலாளி ஓடித் திரியும் காருக்கும் இல்லை. ஆனால் இது வரிக்காகச் சட்டம் வகுத்த காலம். நமது மில் எத்தனை வருடம் உழைக்கும் என்று சட்டத்துக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும். ஆகவே பதிவேட்டில் இரண்டு பத்தி வேண்டும்: நமது மதிப்பீட்டு ஆயுள் ஒன்று, வரிக்கான காலம் ஒன்று. ஒன்றை மற்றதன் இடத்தில் எழுதினால் ஐந்தாவது வருட முடிவில் புத்தகத்தில் பூச்சியமாகிவிட்ட மெஷின் கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

மில் மெஷினுக்கு 10 வருடம் என்று பங்காளிகள் வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடும், பாகம் கிடைக்குமா, இதே போன்ற பழைய மில்கள் பஸாரில் எத்தனை வருடம் ஓடின என்று விசாரித்து வந்த முடிவு அது. பத்து வருட முடிவில் பழைய இரும்பாகவும் மோட்டராகவும் விற்றால் 100,000 ரூபா கிடைக்கும் என்று எச்சப் பெறுமதி வைக்கிறார்கள். 1,057,850 ரூபாவில் அதைக் கழித்தால் 957,850 ரூபா. பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 95,785 ரூபா. முதல் வருடத்தில் மே முதல் மார்ச் வரை 11 மாதம். ஆகவே 2024/25இல் தேய்வு 87,803 ரூபா.

கரண்ட் இணைப்புக்கு வேறு கதை. வயர் இருபது வருடம் கூடக் கிடக்கும். ஆனால் கட்டடம் வாடகைக் கட்டடம். ஒப்பந்தம் 2030 மார்ச் 31இல் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. நமக்குப் பயன்படும் காலம்தான் ஆயுள். 2024 மே முதல் 2030 மார்ச் வரை 71 மாதம். 140,000 ரூபாவை 71ஆல் வகுத்து, முதல் வருடத்துக்கு 11 மாதம் எடுத்தால் 21,690 ரூபா.

குத்தகைக் காலம் சொத்தின் ஆயுளைக் கட்டிப் போடுவதற்கு நம் தோட்டங்களை விடப் பெரிய உதாரணம் தேவையில்லை. 1992இல் ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்த தோட்டங்கள் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டன. மடுல்சீமை, மல்வத்தை வெலி முதலிய கம்பனிகள் அப்படி வந்தவைதான். குத்தகை 53 வருடம், 2045இல் முடிகிறது. மண் என்றைக்கும் இருக்கும். ஆனாலும் வெறும் நிலத்தின் குத்தகை உரிமையைக் கம்பனிகள் 53 வருடத்துக்குள் எழுதித் தீர்க்கின்றன. பல கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் குத்தகையோடு வந்த கட்டடங்களுக்கு 25 வருடம், மெஷின்களுக்கு 15 வருடம், முதிர்ந்த பயிருக்கு 30 வருடம் என்று போட்டிருப்பதைக் காணலாம்.

அந்த அறிக்கைகளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பல கம்பனிகள் 1995 மார்ச்சில் எடுத்த தீர்மானப்படிதான் அந்தச் சொத்துகளைப் புத்தகத்தில் ஏற்றின. ஆனால் 1992 ஜூனிலிருந்தே தமது கையில் இருந்ததாகப் பின்னோக்கி ஏற்றின. வெள்ளைக்காரன் காலத்துப் பெக்டரிக்கும் லயத்துக்கும் கொள்முதல் பில்லை எங்கே தேடுவது? கம்பனி உருவாவதற்கு முந்திய நாள், பழைய உரிமையாளரான அரச நிறுவனத்தின் புத்தகத்தில் என்ன பெறுமதி இருந்ததோ அதையே எடுத்தார்கள். எந்த அடிப்படையில் எடுத்தோம் என்பதையும் கணக்குக் குறிப்பில் எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் குறிப்பு அறிக்கைகளில் அப்படியே வருகிறது.

பில் தொலைந்த சொத்துக்கு நாமும் அந்த வழியில்தான் போக வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய இரும்புப் பெட்டிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பில் கிடைக்காது. விற்றவரிடம் கார்பன் கொப்பி இருக்கலாம், செக் அடிக்கட்டை இருக்கலாம், பழைய ஐந்தொகையின் பின்னிணைப்பில் தொகை இருக்கலாம். லொறி என்றால் பதிவுப் புத்தகத்தில் நம் பெயருக்கு மாறிய திகதி இருக்கும். கிடைத்ததை எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று அந்த வரியிலேயே எழுத வேண்டும். ஒன்றுமே கிடைக்காத, தேய்ந்து தீர்ந்த சாமானுக்குப் பெறுமதியைப் பூச்சியமாக வைத்துப் பெயரை மட்டும் எழுதினால் போதும். இல்லாத பில்லுக்கு ஒரு புதுப் பில் எழுதி வாங்கி வைப்பது மட்டும் கூடாது. திகதி ஒரு பக்கம், பில் புத்தக இலக்கம் இன்னொரு பக்கம் நின்று அது காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுக்காவிட்டாலும் அது பொய்.

இனி மில்லுக்கு வருவோம். 2025 மார்ச் 31இல் ஒரு பங்காளி விலகுகிறார். சொத்துக்களைப் புத்தகப் பெறுமதிப்படி பாதிப் பாதியாகப் பிரிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். சரியான பதிவேட்டின்படி மெஷினின் பெறுமதி 970,047 ரூபா. கரண்ட் இணைப்பு 118,310 ரூபா. பெல்ட்டும் சல்லடையும் தேய்ந்து முடிந்துவிட்டன.

பதிவேடு இல்லாமல், பில்லை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் என்ன நடக்கும்? 997,690 ரூபா முழுவதும் மெஷின். அதே 10 வருடம், அதே எச்சப் பெறுமதி. தேய்வு பெப்ரவரியிலிருந்து 14 மாதத்துக்கு 104,731 ரூபா. மீதி 892,959 ரூபா. லொறிக்கூலி, தளம், பிட்டர், கரண்ட் எல்லாம் நாளாந்தச் செலவில் போய்விட்டதால் அவற்றுக்குப் பெறுமதியே இல்லை. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 195,398 ரூபா. விலகுகிறவர் தன் பங்கில் 97,699 ரூபாவைக் குறைத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒருவருடைய ஹக் மற்றவர் கைக்குப் போயிருக்கிறது.

வரியிலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. பில் 2024 பெப்ரவரி என்பதால் 2023/24 வருடத்திலேயே மெஷினுக்கு ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 2 லட்சத்து 11 ஆயிரத்துச் சொச்சத்தை, மூலதனப் படியாகக் கேட்டுவிடுவார்கள். அந்த வருடம் முழுவதும் மெஷின் ஒரு கிலோ மிளகாய் கூட அரைக்கவில்லை. வருமானம் தேடப் பயன்படுத்திய சொத்துக்குத்தான் படி உண்டு. தயாரான திகதியும் பயன்படுத்தத் தொடங்கிய திகதியும் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கணக்காளர் இந்தத் தவறில் விழ மாட்டார்.

லீசிங்கில் எடுத்த லொறி பற்றி ஒரு வார்த்தை. தவணைகளை எல்லாம் கூட்டி அதைக் கிரயமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தவணையில் வட்டியும் இருக்கிறது. வட்டி லொறியின் விலை அல்ல. விற்பனை முகவரின் பில்லில் உள்ள ரொக்க விலையே கிரயம்; வட்டி அந்தந்த வருடச் செலவு. பழைய லொறியானால் அது எந்த வருடத்தில் செய்யப்பட்டது என்பதை விட, நமது பாதையில் நம் பாரத்தோடு இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதுதான் ஆயுள். பசறை வளைவுகளில் தினமும் ஏறி இறங்கும் லொறிக்கும் கொழும்பில் சமதரையில் ஓடும் லொறிக்கும் ஒரே எண்ணை எழுத முடியாது. விற்பதற்காகவே வாங்கி நிறுத்தியிருக்கும் வாகனம் இந்தப் பதிவேட்டுக்கே வராது. அது சரக்கு. ஸக்காத் கணக்குப் பார்க்கும்போதும் சரக்கையும் தொழிற்கருவியையும் பிரிக்க வேண்டியிருப்பதால், இந்தப் பிரிவு இரண்டு வழியில் பயன்படும்.

பில்களைப் பிரித்து எழுதி முடித்த பிறகு பதிவேட்டை இரண்டு பக்கத்தால் சோதிக்க வேண்டும். ஒன்று, புத்தகத்தால். பதிவேட்டில் உள்ள கிரயங்களின் கூட்டுத்தொகை ஐந்தொகையில் உள்ள தொகையோடு ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் முதலில் "திருத்த வேலை" கணக்கைப் பாருங்கள். சொத்தாக எழுத வேண்டிய பெரிய தொகைகள் அநேகமாக அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு சரக்குக் கொள்முதல் கணக்கு. மெஷின் பில் சரக்கோடு விழுந்திருந்தால் அந்த மாதம் மட்டும் மொத்த இலாபம் காரணமில்லாமல் சரிந்திருக்கும்.

மற்றது, கண்ணால். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடையையும் ஸ்டோரையும் ஒரு சுற்று வர வேண்டும். ஒவ்வொரு சாமானிலும் பதிவேட்டு இலக்கத்தைப் பெயின்றால் எழுதி, மெஷின் பிளேட்டில் உள்ள தொடரிலக்கம் பில்லில் உள்ளதுதானா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் இருந்து கடையில் இல்லாதது விற்கப்பட்டிருக்கலாம், உடைந்து போயிருக்கலாம், யாரோ உறவுக்காரர் இரவலுக்குக் கொண்டு போயிருக்கலாம். அது எந்தத் திகதியில் போனது என்று விசாரித்து, அன்றோடு தேய்வை நிறுத்த வேண்டும். கடையில் இருந்து பதிவேட்டில் இல்லாதது பெரும்பாலும் முதலாளி சொந்தக் காசில் வாங்கிக் கொண்டு வந்து வைத்ததாக இருக்கும். அதன் பில் வீட்டு அலுமாரியில் கிடக்கும்.

ஆயுளையும் ஒரு தடவை எழுதினால் முடிந்தது என்று இருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். மூன்றாவது வருடத்தில் நமது மில் இரண்டு மாற்று வேலை ஓடத் தொடங்கி, பத்து வருடம் நிற்காது, இன்னும் நான்கு வருடம்தான் என்று தெரிந்தால், முன்னைய வருடக் கணக்குகளைக் கிளற வேண்டியதில்லை. அன்று மீதியாக உள்ள பெறுமதியில் எச்சப் பெறுமதியைக் கழித்து, மீதி நான்கு வருடத்துக்குப் பங்கிட்டால் போதும். ஏன் மாற்றினோம் என்ற ஒரு வரியை மட்டும் அந்தச் சொத்தின் எதிரே எழுத வேண்டும். மோட்டர் எரிந்து புதிது போட்டால், புது மோட்டரின் பில் தனி வரியாக, அது பூட்டி ஓடிய திகதியோடு பதிவேட்டில் ஏறும். அதே வேளை பழைய மோட்டரின் பங்கு மெஷினின் கிரயத்திலிருந்து இறங்க வேண்டும். பில்லில் மோட்டருக்குத் தனி விலை போடாத கடைகள் அநேகம். ஆகவே வாங்கும்போதே "மோட்டருக்கு வேறாக விலை போடுங்கோ" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது பிறகு வேலையைச் சுலபமாக்கும்.